கணக்கில் சந்தேகம் எழுப்பிய பிறகு ராஜினாமா: கடிதத்தில் எதை எழுதுவது, எதை விடுவது?

கேள்வி: "ஒரு கம்பெனியில் சீனியர் அக்கவுன்டன்ட்டாக இருக்கிறேன். ஆண்டு முடிவில் சரக்கு வெளியே போகாமலேயே விற்பனை பில் போட்டிருக்கிறார்கள். மேனேஜரிடம் சொன்னேன், 'உங்கள் வேலையை மட்டும் பாருங்கள்' என்றார். ஃபைனான்ஸ் ஹெட்டுக்கு மெயில் போட்டேன், பதிலே இல்லை. மனசாட்சி உறுத்துகிறது, ராஜினாமா செய்யப் போகிறேன். கடிதத்தில் காரணத்தை எழுதலாமா? எப்படி எழுதுவது? ஆதாரங்களை எடுத்து வைத்துக்கொள்ளலாமா?"

காரணத்தை எழுதலாம். ஆனால் இரண்டு மூன்று வரிக்கு மேல் வேண்டாம். என்ன நடந்தது என்ற விவரம் ராஜினாமாக் கடிதத்தில் இருக்க வேண்டியதில்லை, அதற்கு முன்பே கொடுத்த தனிக் குறிப்பில் இருக்க வேண்டும். நான் உள்தணிக்கையில் பல வருடம் இருந்தவன். இப்படி வரும் கடிதங்களை வாங்கிப் படிக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் சொல்கிறேன், முதன்முதலாக ராஜினாமாக் கடிதத்தில்தான் புகார் தலைகாட்டுகிறது என்றால் படிப்பவர் மனதில் எழும் முதல் கேள்வி "இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?" என்பதுதான். அப்புறம் அதை அப்ரைசலில் கிடைத்த மார்க்கோடும், தரப்படாத இன்கிரிமென்ட்டோடும் முடிச்சுப் போடுவது அவர்களுக்குச் சுலபம். இன்னொன்று, ராஜினாமாக் கடிதம் ஹெச்.ஆர். கோப்புக்குப் போகிறது. கணக்கைத் திருத்தும் அதிகாரம் உள்ளவர் அதைப் பார்க்காமலே போகலாம்.

ஆகவே ராஜினாமாவுக்கு முன் உங்களிடம் ஒரு படி பாக்கி இருக்கிறது. மேனேஜரிடம் வாய்மொழியாகச் சொன்னீர்கள், ஃபைனான்ஸ் ஹெட்டுக்கு மெயில் போட்டீர்கள். சரி. அதற்கு மேலே யார் இருக்கிறார்கள்? தணிக்கைக் குழு இருந்தால் அதன் தலைவர், இல்லையென்றால் அன்றாட நிர்வாகத்தில் இல்லாத ஒரு இயக்குநர், உள்தணிக்கைத் தலைவர், அல்லது கம்பெனியின் புகார் கொள்கையில் குறிப்பிட்டிருக்கும் முகவரி. அவருக்கு ஒரு குறிப்பு எழுதுங்கள். ராஜினாமா கொடுத்த அன்றே லாகின் முடக்கப்படுவது பல இடங்களில் வழக்கம். பில் எண்ணையும் தேதியையும் பதிவோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க அதற்குப் பிறகு வழி இருக்காது. அதனால் குறிப்பு முதலில், ராஜினாமா பிறகு. ஆண்டுக் கணக்கில் இன்னும் ஆடிட்டர் கையெழுத்துப் போடவில்லை என்றால் இந்த வரிசைக்கு இன்னொரு காரணமும் உண்டு. கையெழுத்துக்கு முன்னால் பிழையைத் திருத்துவது ஒரு சரிக்கட்டும் பதிவோடு முடிந்துவிடும். வெளியிட்ட பிறகு என்றால் முந்தைய ஆண்டின் எண்களையே மாற்றிக் காட்ட வேண்டி வரும், அப்போது எதிர்ப்பும் பல மடங்காகும்.

அந்தக் குறிப்பில் என்ன எழுதுவது என்பதுதான் இதில் கடினமான வேலை. உங்கள் விஷயத்தையே உதாரணமாக வைத்து, எண்களையும் தேதிகளையும் நானே கற்பனையாகப் போட்டு எழுதிக் காட்டுகிறேன்.

"டிசம்பர் 30, 31 தேதிகளில் 4471 முதல் 4476 வரையிலான ஆறு பில்கள் விற்பனையில் பதிவாகியுள்ளன. கேட் பதிவேட்டின்படி முதல் நான்கு பில்களுக்குரிய சரக்கு ஜனவரி 5, 6 தேதிகளில் வெளியே சென்றது. 4475, 4476 ஆகியவற்றுக்குரிய சரக்கு வெளியே சென்றதாகப் பதிவு இல்லை. இந்த இரண்டுக்கும் ஜனவரி 12 அன்று கிரெடிட் நோட் போடப்பட்டுள்ளது. டிசம்பர் 31 இரவு எடுத்த ஸ்டாக் கணக்கெடுப்பின் 7ஆம் தாளில் ஆறு பில்களின் லாட் எண்களும் நம் இருப்பாகக் காட்டப்பட்டுள்ளன. ஆறு ஆர்டர்களிலும் டெலிவரி இடம் வாங்குபவரின் குடோன் என்றே உள்ளது. சரக்கை நம்மிடமே வைத்திருக்கும்படி வாங்குபவர் எழுதிக் கேட்ட கடிதம் எதையும் பில் கோப்பில் நான் பார்க்கவில்லை. அப்படி ஒன்று வேறிடத்தில் இருக்கலாம். இதை ஜனவரி 14 அன்று மேனேஜரிடம் நேரில் சொன்னேன். ஜனவரி 16 அன்று நிதித் தலைவருக்கு மெயில் அனுப்பி, 23 அன்று நினைவூட்டினேன். இன்றுவரை பதில் வரவில்லை. இதை விசாரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

இதில் மோசடி என்ற சொல் இல்லை, முறைகேடு என்ற சொல்லும் இல்லை. உங்களைக் காப்பாற்றிக்கொள்ள மட்டும் அதைத் தவிர்க்கச் சொல்லவில்லை, அவதூறு வழக்கு என்ற பயமும் நியாயமானதுதான் என்றாலும். தவறுதலாக நடந்தால் பிழை, தெரிந்தே செய்தால் மோசடி என்றுதான் சர்வதேசத் தணிக்கைத் தரம் 240 இரண்டையும் பிரிக்கிறது. பில் தேதியும் கேட் தேதியும் பொருந்தவில்லை என்பது உங்களுக்கு நிச்சயமாகத் தெரியும். இன்னொருவர் மனதில் என்ன எண்ணம் இருந்தது என்பதை நீங்கள் ஊகிக்கத்தான் முடியும். ஊகத்தை உண்மையோடு கலந்துவிட்டால், ஊகத்தை உடைத்துக் காட்டி முழுக் குறிப்பையும் ஓரமாகத் தள்ளிவிடுவார்கள்.

"வேறிடத்தில் இருக்கலாம்" என்ற வாக்கியத்தைப் பார்த்துவிட்டு, நம் வாதத்தை நாமே பலவீனமாக்குகிறோமே என்று பலர் அதை அடித்துவிடுவார்கள். அடிக்காதீர்கள். சரக்கு நம் குடோனில் இருக்கும்போதே விற்பனையாகக் காட்டுவது எல்லா நேரமும் தவறல்ல. விற்பனை வருவாயை எப்போது கணக்கில் காட்டலாம் என்று சொல்லும் சர்வதேசத் தரமான ஐ.எஃப்.ஆர்.எஸ். 15 பின்பற்றும் கம்பெனி என்றால், பில் போட்டுவிட்டுச் சரக்கை வைத்திருக்கும் ஏற்பாட்டை அந்தத் தரமே அனுமதிக்கிறது. கட்டுப்பாடு வாங்குபவரிடம் போய்விட்டது என்று சொல்ல நான்கு விஷயங்கள் கூடி வர வேண்டும். வைத்திருப்பதற்கு உண்மையான வணிகக் காரணம் இருக்க வேண்டும், வாங்குபவரே கேட்டுக்கொண்டது போல. அந்தச் சரக்கு அவருடையது என்று தனியாக அடையாளம் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். அந்த நிமிடமே ஏற்றி அனுப்பத் தயாராக இருக்க வேண்டும். அதை நாம் பயன்படுத்தவோ வேறொருவருக்குத் திருப்பிவிடவோ முடியாததாக இருக்க வேண்டும்.

இப்போது ஸ்டாக் தாளைத் திரும்பப் பாருங்கள். அந்தச் சரக்கு வாங்குபவருக்கென்று ஒதுக்கப்பட்டது என்றால், அது நம் இருப்புக் கணக்கில் வரக் கூடாது. விற்பனையிலும் இருக்கிறது, ஸ்டாக்கிலும் இருக்கிறது என்றால் இரண்டில் ஒன்று நிச்சயம் தவறு. இது கருத்து வேறுபாடு அல்ல, கணக்கு. கேட் தேதி மட்டும் காட்டினால் "அது ஒரு விசேஷ ஏற்பாடு" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடலாம். ஸ்டாக் தாளைப் பக்கத்தில் வைத்தால் அவ்வளவு லேசாக முடிக்க முடியாது. அப்போதும் கூட, கணக்கெடுத்தவர்களுக்கு யாரும் தகவல் சொல்லாததால் வந்த குழப்பமாக இருக்க வாய்ப்புண்டு. அதனால்தான் குறிப்பு முடிவைச் சொல்லாமல், விசாரிக்கும்படி கேட்பதோடு நிற்கிறது.

இங்கே உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும், பதில் எனக்கு வேண்டாம், உங்களுக்குத்தான். அந்த ஆறு பில்களில் ஏதாவது உங்கள் லாகினில் போடப்பட்டதா? மேலே இருந்து சொன்னதால் நீங்களே பதிவு செய்தீர்களா? ஆம் என்றால் மேலே சொன்ன குறிப்பை அனுப்புவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். சொன்னதால் செய்தேன் என்பது பல இடங்களில் முழுப் பாதுகாப்பு ஆகாது. நீங்கள் எழுதும் வாக்கியம் உங்களையும் சேர்த்துத்தான் பதிவு செய்கிறது.

இந்த விஷயத்தில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான வேர்ல்ட்காமின் கதை எல்லாக் கணக்காளருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டில், மேலிருந்து வந்த உத்தரவுப்படி செலவைக் குறைத்துக் காட்டும் பதிவுகளைப் போட்ட நடுத்தரப் பொறுப்பிலிருந்த இரண்டு பேர், மனம் கேட்காமல் ராஜினாமாக் கடிதம் எழுதினார்கள். ஆனால் கொடுக்கவில்லை. நிதித் தலைவர் அவர்களைக் கூப்பிட்டு, இது இந்த ஒரு தடவைதான் என்ற மாதிரி சமாதானம் சொன்னார். அடுத்த காலாண்டுகளிலும் பதிவுகள் தொடர்ந்தன. 2002இல் உள்தணிக்கைப் பிரிவு அதை வெளிக்கொண்டு வந்தது. கடிதம் எழுதி வைத்திருந்த இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், ஒருவர் சிறைக்கும் போனார். எழுதிக் கொடுக்காத கடிதம் அவர்களுக்கு எந்த விதத்திலும் உதவவில்லை. உங்களையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். "அடுத்த மாதம் சரிசெய்துவிடுகிறோம்" என்றால், நல்லது, அதை மெயிலில் எழுதித் தாருங்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால், பேச்சு முடிந்ததும் நீங்களே "இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டது இது" என்று நான்கு வரி அனுப்பிவிடுங்கள். பேச்சு நடந்துகொண்டிருக்கிறது என்பதற்காகச் சந்தேகத்துக்குரிய பதிவில் மட்டும் கை வைக்காதீர்கள்.

அடுத்தது ஆதாரம். பென் டிரைவில் ஏற்றுவது, சொந்த மெயிலுக்கு ஃபார்வர்ட் செய்வது, பில்களை மொபைலில் படம் பிடிப்பது, இந்த மூன்றையும்தான் கோபத்தில் எல்லோரும் முதலில் செய்கிறார்கள். செய்த மறுநாளே கணக்குப் பிரச்சினை பின்னால் போய், ரகசியக் காப்பு மீறல் என்ற புதுப் பிரச்சினை முன்னால் வந்துவிடும். அதில் குற்றம் சாட்டப்படுவது நீங்கள். சில நாடுகளின் சட்டம் புகார் தொடர்பான நகல்களை எடுத்து வைத்துக்கொள்ள ஓரளவு இடம் தருகிறது, சில இடங்களில் தருவதில்லை. இது ஊர் பெயர் தெரியாமல் பொதுவாகச் சொல்லக்கூடிய விஷயமில்லை. உங்கள் ஊர்த் தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். எங்கே இருந்தாலும் பெரிதாக ஆபத்தில்லாதது, ஆவணத்தை எடுக்காமல் அது இருக்கும் இடத்தைக் குறிப்பிடுவது. எந்தப் பதிவேடு, எந்தத் தேதி, எந்த எண், யார் பொறுப்பில் இருக்கிறது என்று குறிப்பிலேயே எழுதி, "இவற்றை அப்படியே பாதுகாத்து வைக்கக் கேட்டுக்கொள்கிறேன்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்த வரி போன பிறகு ஒரு பதிவேடு காணாமல் போனால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியது அவர்கள். யாரிடம் எந்த நாளில் என்ன பேசினீர்கள் என்பதை மட்டும் அன்றன்றைக்கே சொந்த நோட்டில் கையால் எழுதி வாருங்கள். வாடிக்கையாளர் பெயரும் தொகையும் அதில் தேவையில்லை.

இவ்வளவும் ஆன பிறகு ராஜினாமாக் கடிதம் தானாகவே சின்னதாகிவிடும். இப்படி இருக்கலாம்:

"மூத்த கணக்காளர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன். பணி ஒப்பந்தப்படி அறிவிப்புக் காலம் இன்று, பிப்ரவரி 10, தொடங்குகிறது. என் கடைசி வேலை நாள் மார்ச் 12. டிசம்பர் மாத விற்பனைப் பதிவுகள் ஆறு குறித்து ஜனவரி 16, 23 தேதிகளில் நிதித் தலைவருக்கும், பிப்ரவரி 3 அன்று தணிக்கைக் குழுத் தலைவருக்கும் எழுத்தில் தெரிவித்திருந்தேன். இன்றுவரை எனக்குப் பதில் வரவில்லை. இந்நிலையில் அந்தக் காலத்துக் கணக்குகளைத் தயாரிக்கும் பணியில் தொடர என்னால் இயலாது. நான் விலகுவதற்குக் காரணம் இதுவே. பொறுப்புகளை முறையாக ஒப்படைக்க முழு ஒத்துழைப்புத் தருவேன்."

பில் எண்கூட இதில் இல்லை. அவை பிப்ரவரி 3 குறிப்பில் இருக்கின்றன, கடிதம் தேதியைச் சொல்லி அங்கே கை காட்டுகிறது. மேனேஜர் சொன்ன "உங்கள் வேலையை மட்டும் பாருங்கள்" என்பது உங்களை எவ்வளவு காயப்படுத்தியிருந்தாலும் கடிதத்தில் அதற்கு இடமில்லை. அந்தப் பேச்சு நடந்தது என்று குறிப்பில் தேதியோடு பதிவு இருந்தால் போதும். உங்களுக்கு ரகசியமாகத் தகவல் சொன்ன குடோன் ஊழியர் யாராவது இருந்தால் அவர் பெயர் எங்கேயும் வரக் கூடாது. "பத்து நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் வெளியே சொல்வேன்" என்ற மாதிரி கெடு வேண்டாம். அதுவும் பாக்கிப் பணத்தைக் கேட்கும் வாக்கியத்துக்குப் பக்கத்தில் வந்தால் மிரட்டிப் பணம் பறிப்பதாகக் காட்டிவிட முடியும். செட்டில்மென்ட் பற்றி எழுத வேண்டியதைத் தனிக் கடிதத்தில், வேறொரு நாளில் எழுதுங்கள்.

"சொந்தக் காரணங்களுக்காக" என்று எழுதிவிட்டால் பிரச்சினை இருக்காதே என்று நண்பர்கள் சொல்வார்கள். என் அபிப்பிராயம், பொய்யான காரணம் எழுதுவதைவிடக் காரணமே எழுதாமல் விடுவது மேல். பின்னால் விசாரணை வந்து, நீங்கள் ஏன் விலகினீர்கள் என்று கேட்டால், நீங்களே கையெழுத்திட்ட "சொந்தக் காரணம்" உங்கள் வாய்மொழிக்கு எதிராக நிற்கும். குடும்ப நிலைமையாலோ வழக்கறிஞர் சொன்னதாலோ அமைதியாக விலக வேண்டியிருந்தால், தேதியும் கடைசி நாளும் மட்டும் உள்ள இரண்டு வரிக் கடிதம் கொடுங்கள். முன்னால் கொடுத்த குறிப்பு தன் வேலையைச் செய்யும்.

ஒரு விஷயத்தில் மட்டும் தெளிவாக இருங்கள். நீங்கள் ஒரு தொழில்முறைக் கணக்காளர் அமைப்பின் உறுப்பினர் என்றால், கணக்காளர்களுக்கான சர்வதேச நெறிமுறைக் குழுவின் விதித்தொகுப்பை உங்கள் அமைப்பும் ஏதோ ஒரு வடிவத்தில் ஏற்றிருக்க வாய்ப்பு அதிகம். நிறுவனத்தில் வேலை பார்க்கும் கணக்காளர் சட்டமீறலைக் காணும்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் பகுதியில், செய்ய வேண்டிய மற்ற நடவடிக்கைகளுக்கு ராஜினாமா மாற்றாகாது என்றே சொல்லியிருக்கிறார்கள். வேறு வழியே இல்லாத இடங்களில் ராஜினாமா ஒன்றுதான் மிஞ்சும் என்பதையும் ஒத்துக்கொள்கிறார்கள். வெளியே அதிகாரிகளிடம் சொல்வதா என்பது அதற்கடுத்த கட்டம். பாதுகாப்புச் சட்டங்கள் பெரும்பாலும் குறிப்பிட்ட வழியில், குறிப்பிட்ட காலத்துக்குள் சொன்னவரையே காக்கின்றன. உதாரணமாக அமெரிக்காவின் 2002 சார்பேன்ஸ் ஆக்ஸ்லி சட்டத்தின் கீழ், பழிவாங்கப்பட்டதாகப் புகார் கொடுக்க 180 நாள்தான் அவகாசம். ராஜினாமா செய்துவிட்டு ஆறு மாதம் ஓய்வெடுத்துவிட்டு யோசிக்கலாம் என்றால் கதவு மூடியிருக்கும். அதுபோல, நீங்களாக விலகினால் சில இடங்களில் வேலைநீக்க இழப்பீட்டு உரிமை குறையலாம். வழக்கறிஞரைப் பார்ப்பது கடிதத்துக்கு முன்னால் இருக்க வேண்டும் என்று திரும்பச் சொல்வது அதனால்தான்.

நோட்டீஸ் பீரியடில் வரும் காகிதங்கள்தான் கடைசிப் பொறி. ஆடிட்டருக்குக் கொடுக்க, "என் பொறுப்பிலுள்ள கணக்குகள் சரியானவை" என்று பிரிவுவாரியாகக் கையெழுத்து வாங்குவார்கள். ரிலீவிங் நாளில் "எந்த முறைகேடும் என் கவனத்துக்கு வரவில்லை" என்று அச்சடித்த படிவம் வரும், பத்துப் படிவங்களுக்கு நடுவில், மாலை ஐந்து மணிக்கு, கேப் வெளியே காத்திருக்கும்போது. படிக்காமல் கையெழுத்துப் போட்டால் இதுவரை எழுதியதை எல்லாம் உங்கள் கையாலேயே ரத்து செய்தது போலாகிவிடும். அந்த வரியை அடித்து, பக்கத்தில் "பிப்ரவரி 3 தேதியிட்ட என் குறிப்பில் சொன்னவை நீங்கலாக" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். ஏற்க மறுத்தால் அந்தப் படிவத்தை மட்டும் கையெழுத்திடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு, காரணத்தை ஹெச்.ஆருக்கு மெயிலில் அன்றே அனுப்புங்கள். இழப்பீடு தருகிறோம், இதைப் பற்றி யாரிடமும் பேசக் கூடாது என்ற ஒப்பந்தம் வந்தால் அங்கேயே கையெழுத்திட வேண்டாம், வீட்டுக்கு எடுத்துப்போய் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அதிகாரிகளிடம் புகார் செய்வதைத் தடுக்கும் வாசகம் சில நாடுகளில் செல்லவே செல்லாது, ஆனால் கையெழுத்திட்ட பிறகு அதை நிரூபிக்க அலைய வேண்டியவர் நீங்கள். ஒப்படைப்புக் குறிப்பில் மற்ற நிலுவைகளோடு இந்த ஆறு பில்களையும் ஒரு வரியாகச் சேர்த்து, உங்கள் இடத்துக்கு வருபவரிடம் தேதியோடு கையெழுத்து வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த ஆடிட்டில் கேள்வி வரும்போது "அது பழைய அக்கவுன்டன்ட் போட்டது" என்று சொல்ல நீங்கள்தான் வசதியாக வெளியே இருப்பீர்கள்.